அயல் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடிதம்: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்குக் குடிவந்து, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் வீடெடுத்தவர்களுக்கு இந்த வேலை எப்படியும் ஒருநாள் வந்து சேரும். எதிர்வீட்டில் பிள்ளை பிறந்திருக்கும். அவர்கள் சிங்களவர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது. வீட்டிலுள்ள பெரியவர் பரிசுப் பையோடு ஒரு துண்டுக் கடிதத்தைத் தமிழில் எழுதி வைத்துவிட்டு, "இதை இங்கிலீசில் மாற்றித் தா" என்று இளையவரிடம் நீட்டுவார். ஏழெட்டு வரிதான் இருக்கும், ஆனால் அந்த ஏழெட்டு வரிக்குள் இத்தனை பொறிகள் இருப்பது எழுதத் தொடங்கும்வரை தெரியாது.

சிங்களத்தில் எழுதினால் இன்னும் நெருக்கமாக இருக்குமே என்று கேட்கலாம். எழுதக்கூடியவர்கள் தாராளமாக எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று சொல்லிவைத்தது. கொழும்புத் தொடர்மாடிகளில் மின்தூக்கிக்குள் நடக்கும் குசலவிசாரிப்பு பெரும்பாலும் அந்த மொழியில்தான் நடக்கிறது. முஸ்லிம் அயலவர்கள் என்றால் அவர்கள் வீட்டிலும் அநேகமாகத் தமிழ்தான் பேசுவார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், தமிழ்க் கடிதத்தை அப்படியே கொடுத்துவிடலாம்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா எழுதிய கடிதத்தை வைத்தே விளக்குகிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் அவர் என்னிடம் கொண்டு வந்தார். அவருடைய ஊர் பருத்தித்துறைப் பக்கம். மேல்மாடியில் இருக்கும் இளம் சிங்களத் தம்பதிக்கு முதல் பிள்ளை, பெண் குழந்தை. கடிதம் இதுதான்:

"அன்பான பிள்ளைகளுக்கு, மகாலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு மிகவும் சந்தோஷப்பட்டோம். தாயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இதில் ஒரு நுளம்பு வலையும் நாலு பருத்திச் சட்டையும் இருக்கின்றன. சிறிய அன்பளிப்புத்தான், குறை நினைக்க வேண்டாம். சட்டைகளைக் கழுவிவிட்டுப் போடவும். துடக்கு கழிந்ததும் ஆறுதலாக வந்து பிள்ளையைப் பார்க்கிறோம். நோய் நொடியில்லாமல் நூறு வயது வாழ எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம். இப்படிக்கு, மாமி குடும்பத்தினர், இரண்டாம் மாடி."

தமிழில் இது குறையொன்றும் இல்லாத கடிதம். ஆங்கிலத்தில் வரிக்கு வரி போட்டால் வாசிக்கும் வீட்டார் கொஞ்சம் குழம்புவார்கள், ஓரிடத்தில் பயந்தும் போவார்கள்.

முதலில் பையைத் திறந்து பாருங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. கடிதத்தில் 'சட்டை' என்றிருக்கிறது. அகராதியைப் பார்ப்பவர் உடனே 'ஷர்ட்' என்று எழுதிவிடுவார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெண்பிள்ளை போடும் கவுனும் சட்டைதான், ஆண்கள் போடுவதைத்தான் 'சேட்' என்பார்கள். பையைத் திறந்தபோது பின்பக்கம் நாடா வைத்துக் கட்டும் நாலு சின்னக் கவுன்கள் இருந்தன, அந்த அம்மாவே வெள்ளைத் துணியில் தைத்தவை. ஆகவே 'ஃப்ரொக்'. பொருளைக் கண்ணால் பார்த்தால் இந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நுளம்பு வலையும் குடைபோல விரித்துப் பிள்ளைக்கு மேலே கவிழ்க்கும் சின்ன வலை. கட்டிலுக்குக் கட்டும் பெரிய வலை என்று நினைத்து யாரும் சுவரில் ஆணி தேட வேண்டியதில்லை. டெங்கு ஓயாத இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு எனக்குத் தெரியாது.

அதோடு இன்னும் மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஆணா பெண்ணா? தாய் தகப்பனின் பெயர் என்ன? கொடுப்பவர் அவர்களை நேரில் பார்க்கும்போது எப்படிக் கூப்பிடுவார்?

ஆணா பெண்ணா என்ற கேள்வி தமிழில் எழுதும்போது எழுவதேயில்லை. 'பிள்ளையைப் பார்க்கிறோம்' என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் இரண்டாவது வசனத்துக்குப் போவதற்குள் 'ஹி' அல்லது 'ஷி' வேண்டியிருக்கும். தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். 'த பேபி' என்றோ 'யுவர் லிட்டில் வன்' என்றோ எழுதி ஒப்பேற்றலாம். குழந்தையைக் குறிக்க 'இட்' என்று மட்டும் எழுதக் கூடாது, பெற்றவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். பிள்ளையின் பெயரைக் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். தமிழ் வீடுகளில் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்ப்பதுபோலச் சிங்கள வீடுகளிலும் சாதகம் பார்த்து எழுத்தெடுப்பார்கள். அது முடியும்வரை பெயர் தெரியாமலே இருக்கலாம்.

விளிப்பும் கையொப்பமும்

'அன்பான பிள்ளைகளுக்கு' என்பதை 'டியர் சில்ட்ரன்' என்று எழுதினால், சம்பளம் எடுத்துக் குடும்பம் நடத்தும் இருவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக்கிவிடுவோம். தமிழில் 'பிள்ளைகள்' என்பது வயதில் மூத்தவரின் வாஞ்சை. ஆங்கிலத்தில் அந்த வாஞ்சையைப் பெயர் சொல்லிக் காட்டலாம்: 'டியர்' போட்டு இருவரின் முதற்பெயர். மூத்தவர் இளையவர்களுக்கு எழுதுவதால் மிஸ்டர், மிசிஸ் வேண்டியதில்லை. எழுதுபவர் வயதில் இளையவராக இருந்து, அந்தத் தாயை நேரில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார் என்றால் ஆங்கிலக் கடிதத்திலும் 'அக்கா' என்றே எழுதலாம். சிங்களத்திலும் அது அக்காதான், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கையொப்பத்தில் உள்ள 'மாமி'க்கு அகராதி தரும் சொற்களில் ஒன்று கணவனின் தாயையும் குறிக்கும். அதை எழுதியிருந்தால் மேல்மாடியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் பக்கத்து வீட்டுப் பெரிய மனுஷி எல்லாருக்கும் 'அன்ரி'. அதையே எழுதினேன். மாடி இலக்கத்தோடு வீட்டு இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடியில் இரண்டு அன்ரிகள் இருப்பது இங்கே சாதாரணம். தரைத்தளத்தை முதலாம் மாடி என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எது வாழ்த்து, எது தகவல்

இனிக் கடிதத்தை வாசித்து, வரிகளை இரண்டாகப் பிரியுங்கள். சில வரிகள் ஒரு தகவலைச் சொல்கின்றன: பையில் என்ன இருக்கிறது, கழுவ வேண்டும், எப்போது வருவோம். இவற்றில் ஒரு சொல்லும் நழுவக் கூடாது. மற்றவை அன்பைச் சொல்கின்றன. அங்கே ஆங்கிலத்தில் அன்பை எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வாழ்த்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, கழுவச் சொன்ன வரியை இடமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

அன்பு வரிகளில் முதலாவது மகாலட்சுமி. சிங்கள பௌத்தர்களுக்கு லக்ஷ்மி யார் என்று தெரியும், செல்வத்துக்குரிய தெய்வமென்று. அதனால் இந்த வீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் 'லக்ஷ்மி வந்துவிட்டாள்' என்று மொட்டையாக எழுதினால் நாங்களே பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டதுபோல ஆகும். 'எ லிட்டில் லக்ஷ்மி' என்று எழுதினால் அந்தச் சந்தேகம் வராது. கிறிஸ்தவ வீடென்றால் தெய்வத்தை விட்டுவிட்டு 'பேபி கேர்ள்' என்று எழுதியிருப்பேன். தமிழ்க் கடிதத்தில் 'வாழ்த்துகள்' என்ற சொல்லே இல்லை என்பதையும் கவனியுங்கள், சந்தோஷப்பட்டோம் என்பதிலேயே வாழ்த்து அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் குழந்தை பிறந்த வீட்டுக்கு எழுதும்போது 'கன்கிராஜுலேஷன்ஸ்' முதல் வரியில் வராவிட்டால் எதையோ மறந்ததுபோல இருக்கும். அதைத் துணிந்து சேர்க்கலாம்.

அடுத்தது, 'குறை நினைக்க வேண்டாம்'. நமக்கு இது பணிவு. பரிசை எவ்வளவு சிறியதாகச் சொல்கிறோமோ அவ்வளவு மரியாதை. ஆங்கிலத்தில் 'தயவுசெய்து குறை காண வேண்டாம்' என்ற பொருளில் எழுதினால், வாசிப்பவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கிழிசல் தேடத் தொடங்குவார். அதே பணிவைச் செய்யும் சொற்றொடர் ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது: 'எ லிட்டில் சம்திங்'. 'சிறிய அன்பளிப்புத்தான்', 'குறை நினைக்க வேண்டாம்' இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

கடைசி வாழ்த்துத்தான் கவனமாகக் கையாள வேண்டியது. 'நோய் நொடியில்லாமல்' என்று நாம் சொல்லும்போது நோய் காதில் விழுவதில்லை, வாழ்த்துத்தான் விழுகிறது. ஆங்கிலத்தில் பிறந்த குழந்தையின் கடிதத்தில் நோய் என்ற சொல் தனியாக எழுந்து நிற்கும். 'ஹெல்தி' என்று நேராகச் சொல்லிவிட்டால் போதும். 'நூறு வயது' 'லோங் லைஃப்' ஆகிறது. பிரார்த்தனையில் இன்னொரு சிக்கல் உண்டு. 'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்' என்பதற்கு ஆங்கிலத்தில் பலருக்கும் முதலில் வாயில் வருவது 'யூ ஆர் இன் அவர் ப்ரேயர்ஸ்'. அது ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கும் இழவு வீட்டாருக்கும் சொல்லும் வார்த்தை. அதைப் போட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நாங்கள் கேள்விப்பட்டதுபோல இருக்கும்.

பௌத்தர்களுக்கு எழுதுவதால் இறைவனை எடுத்துவிட்டு மும்மணிகளின் ஆசி என்று மாற்றலாமா என்றும் யோசனை வரும். மாற்றாதீர்கள். கும்பிடுவது அந்த அம்மா, அவர் கும்பிடுவது அவருடைய கடவுளை. வாசிப்பவர் சௌகரியத்துக்காக எழுதியவரின் நம்பிக்கையை மாற்றுவது மொழிபெயர்ப்பவர் வேலை இல்லை. 'எல்லாம் வல்ல' என்ற அடைமொழியை விட்டேன், ஆங்கிலத்தில் அது தேவாலய வாசகம்போல ஒலிக்கும். இறைவனைத் தனியாகச் சொல்லாமல் 'வி ப்ரே' என்பதே போதுமானதாக இருந்தது.

துடக்கும் ஆறுதலும்

'துடக்கு கழிந்ததும் ஆறுதலாக வந்து பிள்ளையைப் பார்க்கிறோம்.' இந்த ஒரு வரிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது.

துடக்குக்கு ஆங்கில அகராதி தரும் சொற்கள் எல்லாம் அழுக்கு, தீட்டு என்ற பொருளில் முடியும். பிள்ளை பெற்ற வீட்டை அப்படிச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த வரியில் எந்த விளக்கமும் எடுபடாது. சொல்லை விட்டுவிட்டு, அது எதைச் சொல்ல வருகிறது என்று பாருங்கள். நம்முடைய வழக்கத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். அதுவரை போகமாட்டோம், தாயும் பிள்ளையும் ஓய்வாக இருக்கட்டும் என்பதே கருத்து. அதாவது இது ஒரு கால அளவு, அடுத்த மாதம். 'நெக்ஸ்ட் மந்த்' என்று எழுதினால் தகவல் முழுதாகப் போய்ச் சேரும். எப்போது என்று குறிப்பிடாமல் 'ஒருநாள் வருவோம்' என்ற பாணியில் ஆங்கிலத்தில் எழுதினால், கொழும்பில் அதை யாரும் வருகையாக எடுத்துக்கொள்வதில்லை, வெறும் மரியாதைப் பேச்சென்று விட்டுவிடுவார்கள்.

'ஆறுதலாக' இன்னும் பொல்லாதது. நம் பேச்சில் 'ஆறுதலாக வாருங்கள்' என்றால் அவசரமில்லை, நேரமெடுத்து வாருங்கள் என்று பொருள். தமிழ்நாட்டு அகராதியையோ போனிலுள்ள மொழிபெயர்ப்பையோ நம்பினால் அது துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதாக மாறிவிடும். குழந்தை பிறந்த வீட்டுக்கு 'உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருகிறோம்' என்று கடிதம் போவதை நினைத்தாலே நடுங்குகிறது. அவசரமில்லை என்ற கருத்தைத் தாயின் பக்கமிருந்து சொன்னால் ஆங்கிலத்தில் இயல்பாக அமைகிறது: 'வென் யூ ஹாவ் ஹாட் சம் ரெஸ்ட்', நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு.

'கழுவிவிட்டுப் போடவும்' என்பதில் ஒரு சின்ன விஷயம். 'வும்' என்ற முடிவு தமிழில் மரியாதையானது, ஆனால் அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் அறிவித்தல் பலகையாகிவிடும். முன்னால் 'ப்ளீஸ்' சேருங்கள். 'போட' என்பதற்கு 'புட்' என்று எழுதாமல் 'யூஸ்' என்று எழுதுங்கள்.

எழுதி முடித்தது

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் பேசினால் ஓரளவு புரியும், எழுத்து ஓடாது. தன் பெயரில் என்ன போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதியதையே ஒரு தாளில் தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். கதவைத் திறந்தால் வாயாலும் சொல்லலாம். அது இப்படி இருந்தது, பெயர்களையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் இங்கே தவிர்த்திருக்கிறேன்:

"கன்கிராஜுலேஷன்ஸ்! வி ஆர் ஸோ ஹப்பி தட் எ லிட்டில் லக்ஷ்மி ஹஸ் கம் ஹோம். வி ஹோப் யூ அண்ட் த பேபி ஆர் போத் டூயிங் வெல். ஹியர் இஸ் எ லிட்டில் சம்திங் ஃபோர் ஹர்: எ மொஸ்கிட்டோ நெட் அண்ட் ஃபோர் கொட்டன் ஃப்ரொக்ஸ். ப்ளீஸ் வொஷ் த ஃப்ரொக்ஸ் பிஃபோர் யூ யூஸ் தெம். வி வில் கம் அண்ட் சீ ஹர் நெக்ஸ்ட் மந்த், வென் யூ ஹாவ் ஹாட் சம் ரெஸ்ட். வி ப்ரே தட் ஷி ஹஸ் எ லோங், ஹெல்தி லைஃப். லவ், அன்ரி அண்ட் ஃபமிலி, செகண்ட் ஃப்ளோர்."

பிறகு அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். எழுதியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டால் சரி. நடுவில் "நான் அப்படியா எழுதினேன்?" என்று கேட்டால் அந்த வரியை மறுபடி பார்க்க வேண்டும். அந்த அம்மா ஓரிடத்தில்தான் நிறுத்தினார்: "கடவுளைக் காணவில்லையே." கும்பிடுவது யாரை என்பது 'ப்ரே' என்ற சொல்லிலேயே இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றார். அவர் விடாப்பிடியாக நின்றிருந்தால் 'டு கோட்' என்று இரண்டு சொல் சேர்த்திருப்பேன். கடிதம் அவருடையது.

நான் ஒன்றைச் சேர்க்காமலும் விட்டேன். ஆங்கில வாழ்த்து அட்டைகளில் 'பியூட்டிஃபுல் பேபி' என்று அடித்தே விற்கிறார்கள், கை தானாக அதை எழுதப் போகும். தமிழ்க் கடிதத்தில் பிள்ளையின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது தற்செயல் இல்லை, நாவூறு படும் என்று நாம் சொல்லமாட்டோம். சிங்களவர்களும் இதே பயத்தைக் கட்டவஹ என்பார்கள், அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இரு பக்கமும் தவிர்க்கும் ஒன்றை மொழிபெயர்ப்பவர் நடுவில் நின்று நுழைக்க வேண்டாம்.

பிள்ளை ஆணென்றால், பையில் சாப்பாடென்றால்

ஆண் குழந்தைக்குத் தமிழில் எழுதும் பெரியவர்கள் 'தம்பி பிறந்திருக்கிறார்' என்று எழுதுவது வழக்கம். 'அக்கா'வை விட்டுவைத்ததுபோல இதையும் விட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிங்களப் பேச்சில் அந்தச் சொல் முஸ்லிம்களை இழிவாகக் குறிக்கப் பயன்பட்டு வந்திருக்கிறது. நாம் செல்லமாக எழுதுவது அவர்களுக்குச் சங்கடமாக முடியும். 'பேபி போய்' அல்லது 'லிட்டில் சன்' என்று எழுதுங்கள்.

பரிசோடு காயச்சரக்குத் தூளோ சரக்குக் கறியோ அனுப்பினால் கடிதம் கட்டாயம் இரண்டு வரி நீளும். தமிழ்த் தாய்க்கு அது என்னவென்று சொல்ல வேண்டாம், அயல் வீட்டுத் தாய்க்குச் சொல்ல வேண்டும். பெயரை ஒலிபெயர்த்து எழுதி, பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சமைப்பது என்று ஒரு வரி, உள்ளே இருப்பவை அடுத்த வரி: மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி என்று வீட்டில் உண்மையில் போட்டதை மட்டும். வேர்க்கொம்புக்கு 'ட்ரை ஜிஞ்சர்' என்று எழுதுங்கள், 'ரூட்' என்று எழுதினால் ஏதோ மூலிகை என்று தூர வைத்துவிடுவார்கள். மீன் போட்டிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அவர்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களாக இருக்கலாம். பால் கொடுக்கும் தாய் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் அதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

கடிதத்தைப் பைக்குள் அடியில் போடாமல் வெளியே கைப்பிடியில் கட்டிவிடுங்கள், உறையில் மேல்வீட்டு இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள். காவலாளியிடம் கொடுப்பதென்றால் வாயாலும் சொல்லிக் கொடுங்கள். தமிழ் மூலத்தையும் அதே அட்டையில் மேலே விட்டுவைப்பது நல்லது. அந்த அம்மாவின் கையெழுத்து அது, கீழே இருக்கும் ஆங்கிலம் என்னுடையது.